வாடகை வான் செலவுக் கோரிக்கைகளில் வழமைக்கு மாறானதைக் காலணை வேலி கொண்டு கண்டுபிடிப்பது

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் இருக்கிறேன். கள உத்தியோகத்தர்கள் வாடகை வான் எடுத்துப் போய்வந்து மாதம் பதினைந்து, இருபது கோரிக்கை தருவார்கள். தொகைகளை வரிசைப்படுத்தி, அந்த வரிசையை நாலாகப் பிரிக்கும் காலணைகளைப் பார்த்து, அவற்றின் இடைவெளியை 1.5 ஆல் பெருக்கினால் வழமைக்கு மாறான கோரிக்கை தெரியும் என்று பயிற்சியில் சொன்னார்கள். செய்து பார்த்தால் ஒவ்வொரு மாதமும் பொத்துவில் போனவர்தான் மாட்டுகிறார். அவரிடம் ஒரு பிழையும் இல்லை. நான் எங்கே தவறுகிறேன்?

பதில்:

உங்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கும். கணக்குப் போட எடுத்த எண்தான் பொருந்தவில்லை. வேலி என்பது, தாண்டினால் பார்க்க வேண்டும் என்று வைக்கும் எல்லை. மொத்தத் தொகையில் வேலி போட்டால் தூரமாகப் போனவர்தான் வேலிக்கு வெளியே நிற்பார். அந்த வேலி தூரத்தைத்தான் அளக்கிறது. நீங்கள் அறிய விரும்புவது, போன தூரத்துக்குக் கேட்ட காசு பொருந்துகிறதா என்பது. ஆகவே தொகையைத் தூரத்தால் வகுத்து, கிலோமீற்றருக்கு எத்தனை ரூபா என்ற எண்ணில் வேலி போடுங்கள். பொத்துவில்காரர் உள்ளே வந்துவிடுவார். இதுவரை கண்ணில் படாத ஒருவர் வெளியே வரக்கூடும்.

ஒரு மாதப் பட்டியலை எடுத்துச் செய்து பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக அமைத்தவை. தூரங்கள் மட்டக்களப்பு நகரிலிருந்து போய்வர ஆகும் சுமாரான கிலோமீற்றர்.

| இடம் | கி.மீ. (போய்வர) | தொகை (ரூபா) | கி.மீ. ஒன்றுக்கு |
|---|---|---|---|
| ஏறாவூர் | 28 | 4,200 | 150 |
| ஏறாவூர் | 28 | 4,060 | 145 |
| செங்கலடி | 32 | 4,640 | 145 |
| செங்கலடி | 32 | 4,480 | 140 |
| களுவாஞ்சிகுடி | 56 | 7,840 | 140 |
| களுவாஞ்சிகுடி | 56 | 7,560 | 135 |
| களுவாஞ்சிகுடி | 56 | 11,760 | 210 |
| வாழைச்சேனை | 64 | 8,640 | 135 |
| வாழைச்சேனை | 64 | 8,960 | 140 |
| வாழைச்சேனை | 64 | 8,320 | 130 |
| கல்முனை | 80 | 10,400 | 130 |
| கல்முனை | 80 | 10,800 | 135 |
| கல்முனை | 80 | 11,200 | 140 |
| அக்கரைப்பற்று | 130 | 16,250 | 125 |
| பொத்துவில் | 216 | 27,000 | 125 |

முதலில் நீங்கள் செய்ததையே செய்வோம். பதினைந்து தொகைகளையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த முறைப்படி, எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டி நாலால் வகுத்தால் 16/4 = 4. வரிசையில் நாலாவது எண் முதலாம் காலணை, பன்னிரண்டாவது எண் மூன்றாம் காலணை. நாலாவது 4,640. பன்னிரண்டாவது 11,200. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 6,560. இதுதான் காலணையிடை வீச்சு: நடுவிலுள்ள பாதிக் கோரிக்கைகள் எவ்வளவு அகலத்தில் பரந்து கிடக்கின்றன என்று சொல்லும் அளவு. இதை 1.5 ஆல் பெருக்கினால் 9,840. மூன்றாம் காலணையுடன் கூட்டினால் மேல் வேலி 21,040. முதலாம் காலணையிலிருந்து கழித்தால் கீழ் வேலி −5,200.

மேல் வேலியைத் தாண்டுவது பொத்துவில் கோரிக்கை மட்டும். களுவாஞ்சிகுடிக்குப் போய் 11,760 கேட்டவர் கல்முனைக்காரர்களுக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டு உள்ளே நிற்கிறார். கீழ் வேலியோ பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது. எந்தக் கோரிக்கையும் அதற்குக் கீழே போகாது. பாதி வேலி வேலை செய்யவே இல்லை.

இப்போது கடைசி நிரலுக்கு வாருங்கள். வரிசைப்படுத்தினால் 125, 125, 130, 130, 135, 135, 135, 140, 140, 140, 140, 145, 145, 150, 210. நாலாவது 130, பன்னிரண்டாவது 145. வீச்சு 15. அதன் ஒன்றரை மடங்கு 22.5. மேல் வேலி 167.5, கீழ் வேலி 107.5. பொத்துவிலும் அக்கரைப்பற்றும் 125 உடன் வசதியாக உள்ளே இருக்கின்றன. நீண்ட ஓட்டத்துக்கு வான்காரர் கொஞ்சம் குறைத்துப் பேசுவார், அதனால் அவை பட்டியலின் கீழ்ப்பக்கத்தில் நிற்பதும் இயல்பு. வெளியே நிற்பது 210 ஒன்றுதான்.

வகுக்கப் பயன்படுத்தும் கிலோமீற்றர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இந்த முறை முழுவதும் நிற்கிறது. கோரிக்கைத் தாளில் அவர் எழுதிய தூரத்தை எடுக்காதீர்கள். தொகையைக் கூட்டி எழுதுகிறவர் தூரத்தையும் கூட்டி எழுதினால் வகுத்து வரும் எண் அழகாக 140 இல் நிற்கும். அலுவலகத்திலேயே ஒரு தூர அட்டவணை வையுங்கள். அலுவலக வாசலிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் வழமையாகப் போகும் பாதையின் தூரத்தை ஒருமுறை வான் மீற்றரிலோ வரைபடத்திலோ அளந்து எழுதினால் போதும். படுவான்கரை ஊர்களுக்குப் போகும்போது வாவியை எந்தப் பாலத்தால் கடப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மண்முனைப் பாலத்தால் போவதும் பட்டிருப்புப் பாலத்தால் போவதும் ஒரே தூரம் அல்ல.

குறுகிய ஓட்டங்களையும் இதே பட்டியலில் சேர்க்க வேண்டாம். காத்தான்குடிக்குப் போய்வர 12 கிலோமீற்றர்தான். ஆனால் வான்காரர் வண்டியை எடுத்தாலே இவ்வளவு என்று ஒரு குறைந்த கூலி வைத்திருப்பார். அது 2,500 ரூபா என்றால் கிலோமீற்றருக்கு 208 ஆகும். ஒரு பிழையும் இல்லாமல் வேலிக்கு வெளியே போய்விடும். ஆகவே போய்வர 25 கிலோமீற்றருக்குக் குறைந்தவற்றைத் தனிக் குழுவாக வையுங்கள். அந்தக் குழுவுக்குக் கிலோமீற்றரால் வகுக்காமல் நேரே தொகையிலேயே வேலி போடலாம். அங்கே எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தானே. வானும் முச்சக்கர வண்டியும் கலந்திருந்தால் அதையும் பிரிக்க வேண்டும்.

எக்செல்லில் செய்வது எளிது. A இல் திகதி, B இல் பெயர், C இல் இடம், D இல் அட்டவணைத் தூரம், E இல் தொகை என்று வையுங்கள்.

```
F2:  =E2/D2
J1:  =QUARTILE.EXC($F$2:$F$16,1)
J2:  =QUARTILE.EXC($F$2:$F$16,3)
J3:  =J2-J1
J4:  =J1-1.5*J3
J5:  =J2+1.5*J3
G2:  =IF(OR(F2<$J$4,F2>$J$5),"பார்க்க","")
```

F2, G2 இரண்டையும் கீழே இழுத்துவிட்டால் முடிந்தது. J1 இல் `#VALUE!` என்று வந்தால் பதறாதீர்கள். யாரோ தொகையை `7,840/=` என்று நம் கைவழக்கப்படி தட்டியிருப்பார்கள். எக்செல் அதை எண்ணாக எடுக்காது. F இல் அந்த ஒரு வரி பிழையாகி, அதைத் தொட்ட காலணையும் வேலியும் எல்லாம் பிழையாகிவிடும். F நிரலில் பிழை காட்டும் வரியைத் தேடி, E இல் வெறும் எண்ணை இட்டால் சரியாகும்.

இன்னொரு குழப்பம் எக்செல்லில் `QUARTILE.EXC`, `QUARTILE.INC` என்று இரண்டு இருப்பது. பழைய `QUARTILE` என்பதும் INC தான். EXC, மேலே கையால் செய்த பள்ளிக்கூட முறையையே பின்பற்றும். INC காலணையின் இடத்தை வேறுவிதமாகக் கணக்கிடும். பதினைந்து எண்களுக்கு அது நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவையும், பதினோராவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவையும் எடுக்கும். நமது பட்டியலில் அப்போது காலணைகள் 132.5, 142.5 ஆகும். வீச்சு 10 ஆகச் சுருங்கும். மேல் வேலி 157.5 க்கு இறங்கும். 210 இரண்டிலும் மாட்டுகிறது. ஆனால் ஒருவர் 160 இல் நின்றிருந்தால் ஒரு முறையில் குற்றமற்றவர், மறுமுறையில் விசாரிக்க வேண்டியவர். இரண்டில் எது சரி என்று வாதிட வேண்டியதில்லை. ஒன்றைத் தெரிந்து, கோப்பில் எழுதி, ஆண்டு முழுவதும் அதையே பிடியுங்கள். மாதத்துக்கு மாதம் மாற்றினால், வேண்டியவரைத் தப்பவைக்க மாற்றியதாகக் கணக்காய்வில் கேள்வி வரும், அந்தக் கேள்வி நியாயமானதும்கூட.

EXC எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழுவில் ஐந்து கோரிக்கையோ அதற்குக் குறைவோ இருந்தால், மேலே எவ்வளவு பெரிய எண் வந்தாலும் வேலி அதைப் பிடிக்காது. ஐந்து எண்களில் மூன்றாம் காலணை நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் சரி நடுவில் விழும். அதாவது அந்தப் பெரிய எண்ணே காலணையைப் பாதித் தூரம் மேலே இழுத்துக்கொண்டு போகும். அதன் மேல் ஒன்றரை மடங்கு வீச்சும் சேர்ந்தால் வேலி எப்போதும் அந்த எண்ணுக்கு மேலேதான் நிற்கும். வேலி பேசாமல் இருப்பதை எல்லாம் நலம் என்று நினைத்துவிடுவோம். கோரிக்கை குறைவான குழுக்களுக்கு இரண்டு மூன்று மாதங்களைச் சேர்த்துக் குறைந்தது பதினைந்து கோரிக்கை ஆக்கிக்கொண்டு செய்யுங்கள்.

சேர்க்கும்போது இடையில் எரிபொருள் விலை மாறியதா என்று பாருங்கள். 2022 தொடக்கத்தில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. அதே ஆண்டு ஜூன் இறுதியில் 470 ரூபா. அப்படிப்பட்ட ஆறு மாதத்தை ஒரே பட்டியலாக்கினால் காலணைகள் வெகுதூரம் விலகி, வேலி ஊரையே சுற்றி நிற்கும். விலை பெரிதாக மாறிய திகதியில் பட்டியலை வெட்டி, இரண்டாக்கிச் செய்யுங்கள்.

சராசரியும் நியம விலகலும் எடுத்து, சராசரிக்கு மேல் மூன்று நியம விலகல் என்று எல்லை வைத்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நமது பட்டியலில் சராசரி 141.7, அந்த எல்லை 202.4. 210 மயிரிழையில் மாட்டுகிறது. களுவாஞ்சிகுடிக்குப் போய் 7,840 கேட்டவரும் அடுத்த மாதம் இதைக் கண்டு 11,760 கேட்கிறார் என்று வையுங்கள். மற்றவை மாறவில்லை. இப்போது சராசரி 146.3 ஆகிறது. நியம விலகல் 20 இலிருந்து 27 க்கு ஏறுகிறது. எல்லை 227 க்குப் போய்விடுகிறது. பிழைவிட்டவர் ஒருவராக இருந்தபோது பிடித்த எல்லை, இருவரானதும் இருவரையும் விட்டுவிடுகிறது. அவர்களுடைய எண்களே எல்லையைத் தூக்கிப் பிடிக்கின்றன. காலணைகள் அசையவில்லை: நாலாவது இன்னும் 130, பன்னிரண்டாவது இன்னும் 145, வேலி அதே 167.5. இருவரும் மாட்டுகிறார்கள்.

இந்தப் பலத்துக்கும் ஓர் அளவு உண்டு. 140 இல் நின்றவர்களில் இன்னும் ஒருவர் 210 க்கு மாறி மூவரானால் வேலி 180. இன்னும் பிடிக்கிறது. நாலாவது ஆளும் சேர்ந்தால் வரிசையில் பன்னிரண்டாவது இடத்திலேயே 210 வந்து உட்கார்ந்துவிடும். மூன்றாம் காலணை 210, வேலி 330, எல்லாரும் தப்புவார்கள். கால்வாசிக்கு மேல் கூட்டிக் கேட்பது வழக்கமாகிவிட்ட இடத்தில் அந்த இடத்துப் பட்டியலைக் கொண்டே வேலி போடுவது பயன் தராது. அங்கே வேலியைக் கடந்த ஆண்டின் சரிபார்த்த கோரிக்கைகளிலிருந்தோ உங்கள் அம்பாறை அலுவலகம் போன்ற வேறொரு கிளையின் பட்டியலிலிருந்தோ போட்டு, இந்த மாதத்தை அதற்குள் வைத்துப் பாருங்கள். நடுவெண், அதாவது இடையம், மாதா மாதம் எப்படி நகர்கிறது என்றும் ஒரு நிரலில் எழுதிவாருங்கள். எரிபொருள் விலை மாறாமல் இடையம் 140 இலிருந்து 155 க்கு ஏறினால், ஒருவரும் வேலிக்கு வெளியே இல்லாவிட்டாலும் அதை விசாரிக்க வேண்டும்.

வேலிக்கு வெளியே ஒன்று வந்ததும் என்ன செய்வது? அந்த 11,760 ஐ எடுப்போம். வவுச்சரைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியிடம் ஓடுவதற்கு முன் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். தொகையை அந்த மாத இடையத்தால் வகுத்தால் 11,760 / 140 = 84. வழமையான கூலிதான் கொடுத்தார் என்று வைத்தால், வான் 84 கிலோமீற்றர் ஓடியிருக்க வேண்டும். அட்டவணையில் 56. மிச்சம் 28, அதாவது களுவாஞ்சிகுடியிலிருந்து 14 கிலோமீற்றர் அப்பால் போய், 14 திரும்பி வந்த கணக்கு. பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் ஒரு கிராமத்துக்கும் போய்வந்திருந்தால் கிட்டத்தட்ட இந்த அளவு வரும்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி தெளிவாகிவிட்டது. “இது ஏன் கூட?” என்று கேட்டால் அவருக்குக் கோபம்தான் வரும், பதில் வராது. “தம்பி, களுவாஞ்சிகுடிக்குப் போன அந்த வான் அங்கால எங்கேயும் போனதா?” என்று கேளுங்கள். போனது என்றால் அன்றைய கள அறிக்கையில் அந்தக் கிராமத்தின் பெயர் இருக்க வேண்டும், கூட்டத்துக்கு வந்தவர்களின் கையொப்பத் தாள் இருக்க வேண்டும். வான்காரரின் பற்றுச்சீட்டில் தொடக்க மீற்றரும் முடிவு மீற்றரும் எழுதியிருந்தால் வித்தியாசம் 84 ஐ ஒட்டி வர வேண்டும். மூன்றும் பொருந்தினால் கோரிக்கை சரி. இடத்தின் பெயரைத் தாளில் திருத்தி எழுதச் சொல்லிப் பணத்தைக் கொடுங்கள். போகவில்லை, ஆனால் வான் மாலைவரை காத்து நின்றது என்றால், காத்திருப்புக் கூலி பற்றுச்சீட்டில் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைத் தொகையிலிருந்து கழித்து மறுபடி 56 ஆல் வகுத்துப் பாருங்கள், வேலிக்குள் வர வேண்டும். மாரிகாலத்தில் வீதியில் வெள்ளம் ஏறிச் சுற்றிப் போனதாகச் சொன்னால், அதே கிழமை அதே பக்கம் போன மற்றவர்களின் எண்களும் கூடியிருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் வெள்ளம் வராது.

ஒன்றும் பொருந்தாவிட்டால்தான் அடுத்த படி. அப்போதும் வேலி காட்டியது சாட்சியம் ஆகாது. பற்றுச்சீட்டும் மீற்றரும் கள அறிக்கையும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுதான் சாட்சியம். கடிதத்தில் அதைத்தான் எழுத வேண்டும். இந்த 1.5 என்ற எண்ணை அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜோன் டூக்கி வைத்தார். மணி வடிவில் அழகாகப் பரந்த எண்களில்கூட ஆயிரத்துக்கு ஏழு அளவில் ஒரு காரணமும் இல்லாமல் இந்த வேலிக்கு வெளியே விழும். செலவுக் கோரிக்கைகள் அவ்வளவு அழகாகப் பரந்திருப்பதில்லை, ஆகவே இன்னும் கூட விழும். நிறைய மாட்டி நேரம் போதாவிட்டால் 1.5 க்குப் பதில் 3 வைத்து இரண்டாவது வேலி ஒன்றும் போடுங்கள். நமது பட்டியலில் அது 145 + 45 = 190. 210 அதையும் தாண்டுகிறது. இரண்டாவது வேலிக்கும் வெளியே நிற்பவற்றை முதலில் பாருங்கள்.

கீழ் வேலியை யாரும் பார்ப்பதில்லை. குறைவாகக் கேட்டால் அலுவலகத்துக்கு இலாபம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். கிலோமீற்றர்க் கணக்கில் கீழ் வேலி 107.5 என்று உயிரோடு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். களுவாஞ்சிகுடிக்குப் போன ஒரே வானுக்கு 7,840 ரூபாவை இரண்டு பேர் 3,920 வீதம் பிரித்துக் கேட்டால் இரண்டும் கிலோமீற்றருக்கு 70 என்று கீழே விழும். பெரும்பாலும் நேர்மையான பங்கீடுதான். ஆனால் குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் பணிப்பாளரின் ஒப்பம் வேண்டும் என்ற விதி இருக்கும் அலுவலகங்களில், ஒப்பத்தைத் தவிர்க்க ஒரு பயணத்தை இரண்டு வவுச்சராக வெட்டுவதும் இதே உருவத்தில்தான் வரும். தொகையில் மட்டும் பார்த்தால் 3,920 மிகச் சாதாரணமான எண், ஒருவர் கண்ணும் அதில் தங்காது.

இதற்கு நேரெதிரான ஒன்றை வேலி பிடிக்கவே பிடிக்காது. ஒரே வானில் போன இருவரும் முழுத் தொகையைக் கேட்டால் இரண்டும் 140 இல் நிற்கும். ஒரே பற்றுச்சீட்டை இந்த மாதமும் அடுத்த மாதமும் கொடுத்தாலும் அப்படித்தான். அதற்குத் திகதியும் இடமும் இரட்டிப்பாக வருகிறதா என்று தனியே பார்க்க வேண்டும்:

```
H2:  =COUNTIFS($A$2:$A$16,A2,$C$2:$C$16,C2)
```

H இல் 2 அல்லது அதற்கு மேல் வந்த வரிகளின் பற்றுச்சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த மாதம் திரும்பக் கொடுக்கப்பட்டதைப் பிடிக்க, முந்தைய மாதங்களின் வரிகளும் அதே தாளில் இருக்க வேண்டும். அப்போது 16 ஐக் கடைசி வரியின் எண்ணாக மாற்றுங்கள்.

சாப்பாட்டுப் படி, தங்குமிடப் படி போன்ற நிர்ணயித்த தொகைகளுக்கு இந்த முறையைக் கொண்டு போகாதீர்கள். பதினைந்து பேரில் பதினொருவர் 1,200 கேட்டு, மற்ற நால்வரில் இருவர் கூடவும் இருவர் குறைவாகவும் கேட்டால், இரண்டு காலணையும் 1,200, வீச்சு பூச்சியம், இரண்டு வேலியும் 1,200. ஒரு ரூபா வித்தியாசமாகக் கேட்டவரும் மாட்டுவார். அங்கே சுற்றறிக்கையில் உள்ள தொகையுடன் நேரே ஒப்பிட்டால் போதும்.

வாகனத் திருத்தம், அச்சுச் செலவு போன்றவற்றில் வகுப்பதற்குத் தூரம் மாதிரி ஓர் எண் கிடைக்காது. தொகைகளும் சிறிது பல, பெரிது சில என்று ஒரு பக்கம் இழுத்துக் கிடக்கும். அப்போது கூட்டிக் கழிப்பதற்குப் பதிலாக மடங்கில் வேலி போடலாம். மூன்றாம் காலணையை முதலாம் காலணையால் வகுத்து, வருவதை 1.5 ஆம் அடுக்குக்கு உயர்த்தி, மூன்றாம் காலணையால் பெருக்குங்கள். J1, J2 இரண்டிலும் F நிரலுக்குப் பதில் தொகை உள்ள E நிரலை இட்டுக்கொள்ளுங்கள்:

```
=J2*(J2/J1)^1.5
```

தொகைகளின் மடக்கையில் வேலி போட்டுத் திரும்ப ரூபாவுக்கு மாற்றுவதும் இதுவும் ஒன்றுதான். முதலில் பார்த்த மொத்தத் தொகைப் பட்டியலில் இதைப் போட்டால் மேல் வேலி 21,040 க்குப் பதில் 42,000 அளவில் வரும். பொத்துவில் 27,000 உள்ளே நின்றுவிடும். கீழ் வேலிக்கு J1 ஐ அதே மடங்கால் வகுத்தால் போதும், அது ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஆனாலும் களுவாஞ்சிகுடி 11,760 இதில் தெரியாது. வகுக்க ஓர் எண் கிடைக்கும் இடத்தில் வகுப்பதே நல்லது. வாகனத் திருத்தத்தில்கூடக் கடைசித் திருத்தத்துக்குப் பிறகு ஓடிய கிலோமீற்றரையும், அச்சில் பிரதிகளின் எண்ணிக்கையையும் வவுச்சரில் எழுதச் சொன்னால் அடுத்த ஆண்டு உங்களிடம் வகுக்க எண் இருக்கும்.

வேலிக்கு வெளியே வந்த ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம் கிடைத்தது என்று I நிரலில் ஒரு சொல்லில் எழுதிவையுங்கள்: காத்திருப்பு, கூடுதல் இடம், பங்கீடு, எழுத்துப் பிழை, தீரவில்லை. ஆறு மாதத்தில் “கூடுதல் இடம்” என்பது களுவாஞ்சிகுடியில் திரும்பத் திரும்ப வந்தால் தூர அட்டவணையில் களுவாஞ்சிகுடி–வெல்லாவெளி என்று 84 கிலோமீற்றரில் தனி வரி ஒன்று சேர்த்துவிடுங்கள். அதன்பின் அந்தப் பயணம் வேலிக்கு வெளியே வராது.